எதிர்வீட்டுக் கூரையும் எங்கள் கொடிக்கயிறும்

வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த ஃபிளாட்டின் சொந்தக்காரி அன்ட்டி, ஒரு ஞாயிறு காலை தோசைக்கு முன்பாகப் போனை என் மூக்கருகே நீட்டினார்.

"தம்பி, இதைப் பாரும். டவர்."

எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியின் படம். அங்கே கீழே துணிக்கடையும் மேலே குடும்பமுமாக ஒரு ஹாஜியார் இருந்தார். லண்டனில் இருக்கும் அன்ட்டியின் மகள் ஐந்து மாத வயிற்றோடு வருவதாக இருந்தாள். அன்ட்டி அனுப்பிய படத்தைப் பார்த்ததும், போன் டவர்க் கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் தங்க மாட்டேன், நாளைக்கு டிக்கெட்டை ரத்துச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அன்ட்டி உடனே ஹாஜியாருக்கு எதிராகப் பெட்டிசன் எழுதி, ஃபிளாட் சங்கச் செயலாளர் அங்கிளிடம் முதல் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

எங்கள் வீட்டில் ஏ.எல். பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பேலியகொடை மீன்சந்தையில் பெட்டி சுமப்பவர். அவ்வளவு படித்து நான் செய்த வேலை, கூரைப் படங்களைப் பார்த்து எதில் என்ன நிற்கிறது என்று எழுதுவது. ஒப்பந்தம் எடுத்து டவர் பூட்டும் ஒரு கொந்தராத்துக் கம்பனியில். ஜிந்துப்பிட்டியில், எங்கள் தெரு முழுக்க, அம்மா இதை 'எஞ்சினியர்' என்று சொல்லித் திரிந்தார். நான் திருத்தவில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன்.

"இந்த மீன்முள்ளு மாதிரி இருக்கிறது டிவி அன்டெனா, அன்ட்டி. எல்லா முள்ளும் ஒரே பக்கம் பாக்குதா? நிலையம் அந்தப் பக்கம்."

"அது தெரியும். அந்தப் பெரிய சட்டி? எங்களையெல்லோ பாக்குது!"

"உங்களப் பாக்கல. வானத்தப் பாக்குது. நம்ம ஊருல சட்டலைட் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல, அதனால டிஷ் எல்லாம் சோத்துக்குக் காத்திருக்கிற மாதிரி மல்லாந்துதான் கிடக்கும். அதுவும் வாங்க மட்டும்தான் செய்யும், ஒண்டும் அனுப்பாது."

"அப்ப ஹாஜியார்?"

"பாவம், மேட்ச் பாக்கிறார்."

அன்ட்டிக்கு ஏமாற்றம். அவர் பெட்டிசனில் 'மனித குலத்துக்கு எதிரான' என்றெல்லாம் எழுதியிருந்தார்.

"அப்ப டவர் எப்பிடி இருக்கும்?"

"இரும்புக் கோபுரமாத்தான் இருக்கணும் எண்டில்ல. கூரையில எண்டா நிமிர்ந்து நிக்கிற நீட்டுப் பெட்டி. சூட்கேசைச் செங்குத்தா நிப்பாட்டின மாதிரி. கீழ தடிச்ச கறுப்பு வயர் தொங்கும். அநேகமா மூண்டு பக்கத்துக்கு மூண்டு..."

சொல்லிக்கொண்டே விரலை நகர்த்திய நான் படத்தின் இடது ஓரத்தில் நின்றுவிட்டேன். மேல் மூலையில் நீட்டுப் பெட்டி ஒன்றின் அடிப்பாகம். அதிலிருந்து தடித்த கறுப்பு வயர்கள். பெட்டிக்கு எங்கள் சுவரின் மஞ்சள் நிறமே பூசியிருந்தது. அதைத் தாங்கிய குழாயில் கட்டிய கயிற்றில் அன்ட்டியின் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"அன்ட்டி, எங்க நிண்டு படம் பிடிச்சீங்க?"

"எங்கட மொட்டைமாடியில. இடிதாங்கிக் குழாயில சாஞ்சுகொண்டு. ஏன்?"

பெட்டிசனும் கையுமாக அன்ட்டி முன்னால் ஏற, மேலே போனோம். மூலைக்கு ஒன்றாக மூன்று குழாய்கள், தலைக்கு மேல் மூன்று பெட்டிகள், மூன்றும் வெளிப்பக்கம் பார்த்தபடி. இரண்டு குழாய்களுக்கு நடுவே அன்ட்டியின் கொடிக்கயிறு. ஒரு சுகாதாரக் கேட்டுக்கு எதிராகப் பெட்டிசன் எழுதியவர், அதிலேயே சாய்ந்து நின்று எதிர்வீட்டைப் படம் பிடித்திருக்கிறார்.

செயலாளர் அங்கிள் சத்தம் கேட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து சேர்ந்தார்.

"இடிதாங்கி எண்டனீங்கள்!" என்றார் அன்ட்டி.

"டவர் எண்டு சொன்னா ஒருத்தரும் விடமாட்டியள். போன் கம்பனி தாற வாடகையிலதான் லிஃப்ட் ஓடுது. ஏழாம் மாடிக்கு நீங்க நடந்து ஏறுவியளோ?"

"பிறகேன் பெட்டிசனில கையெழுத்து வச்சனீங்கள்?"

"ஹாஜியாரிட டவருக்கு எதிராத்தானே வச்சனான்."

அன்ட்டி என்னைப் பார்த்தார். "தம்பி, உண்மையச் சொல்லும். பிள்ளைத்தாச்சிக்கு?"

தெரிந்ததைச் சொன்னேன். பெட்டி டார்ச் வெளிச்சம் போல முன்னுக்குத்தான் வீசும்; முன்னால் கிட்டப் போய் நிற்கக்கூடாது; பின்னாலும் நேர் கீழேயும் மிகக் குறைவு; மகள் தங்கப்போவது இரண்டு மாடி கீழே, நடுவில் கொங்கிரீட். ஆனால் மொட்டைமாடிக்கு அவள் வரவேண்டாம், கொடிக்கயிற்றையும் கழற்றிவிடுங்கள்.

அன்ட்டி அங்கேயே நின்று மகளுக்கு வீடியோ கோல் எடுத்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, ஹாஜியாரிட்ட ஒண்டும் இல்லை. டவர் எங்கட தலைக்கு மேலதான் நிண்டிருக்கு. உன்ட முகம் இவ்வளவு தெளிவாத் தெரியிறதும் அதாலதான். தம்பி எல்லாம் விளக்கமாச் சொல்லுவார், கேள்."

போன் என் கைக்கு வந்தது. அதே விளக்கத்தை, லிஃப்ட் வாடகைக் கதையோடு, மகளுக்கும் சொன்னேன். அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள், நான் தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியாக இன்னொன்று கேட்டாள்.

"லிஃப்ட் உண்மையாவே வேலை செய்யுதா?"

"ஓம்."

"அப்ப வாறன். போன முறை ஏழு மாடியும் சூட்கேசோட ஏறினனான்."

அங்கிள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்ட்டி நைட்டியைக் கொடியிலிருந்து எடுத்து, கையிலிருந்த பெட்டிசனை அதற்குள் சுருட்டினார்.