இன்னொருவருக்காக ஏறிய படிகள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாடி கிடையாது, மாடிப்படி உண்டு. மேல்தளத்துக்கு அனுமதி வந்துவிடும் என்று நம்பிய ஒப்பந்தக்காரர் பதினாறு படிகளை முன்கூட்டியே கட்டிவிட்டார். அனுமதி வரவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு மருத்துவனாகப் போன நான், மொட்டைத் தளத்தில் போய் நின்ற அந்தப் படிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்.

மூச்சு வாங்குகிறது என்று வருபவரை ஏறச் சொல்வேன். மேலே சென்றதும் மூச்சையும் நாடியையும் எண்ணுவேன். பிறகு கீழிமையை இழுத்துப் பார்ப்பேன். அது வெளுத்து, நகம் குழிந்திருந்தால் பெரும்பாலும் இரத்தசோகை. செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களிடம் கொக்கிப்புழுதான் பாதிக் காரணம். நெஞ்சில் விசில் கேட்டு, தூசியில் அதிகமாகி, இடையில் நாள்கணக்கில் நலமாக இருந்தால் ஆஸ்துமா. படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் அடங்கி, கணுக்காலில் விரல் அழுத்திய பள்ளம் மறையாமல் நின்றால் இதயம். இவை எதுவுமில்லாமல், நாடி விரைவில் அடங்கினால், நெடுநாள் நடமாடாத உடம்பு என்று எண்ணலாம். ஒருவரிடம் இரண்டு கலந்தும் வரும். ஆகவே இதை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்வேன்.

மலைவாசிகள் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். ஏறுவதே வைத்தியம் என்று முடிவு செய்தார்கள். பல்வலிக்காரர் ஏறினார். தேள் கடித்தவர் ஏறினார். கம்பவுண்டர் வரிசையை ஒழுங்குபடுத்தவே நேரம் போதாமல் தவித்தார். ஒரு நாள் திடகாத்திரமான ஒருவர் வரிசையில் நின்றார்.

"உனக்கு இன்னாப்பா?" என்றார் கம்பவுண்டர்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பொண்டாட்டி வூட்ல படுத்துக்கினு கீறா. அவளுக்காவ நான் ஏர்றேன்."

"அவ மூச்ச நீ எப்பிடி வாங்குவே?"

"அவளுக்கு நடக்க முடியலீங்க. எனக்கு முடியுது. வேற எப்பிடி?"

அவர் ஏறி இறங்கினார். கம்பவுண்டர் பதிவேட்டில் எழுதினார்: 'நோயாளி வரவில்லை. ஏறியவர் நலம்.' நான் சிரித்தேன். பிறகு ஆள் அனுப்பி அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்தேன். இமை தாள் போல் வெளுத்திருந்தது. புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் தொடங்கிச் சில மாதங்களில் அவள் மூட்டை சுமந்தாள். படிகளின் புகழ் இன்னும் பரவியது.

என் மனைவி சமவெளி நகரத்துப் பெண். குடியிருப்பிலிருந்து குழாயடிக்குப் போகும் ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும். "நடந்து பழகாத உடம்பு. தினமும் கொஞ்சம் நடந்தால் சரியாகும்" என்று சொல்லியிருந்தேன். அவள் நடந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுவரும் பெரியவர் வரிசையில் நின்றார்.

"யாருக்காவ பெரியவரே?" கம்பவுண்டர் அதற்குள் கேள்வியையே மாற்றிவிட்டிருந்தார்.

"டாக்டரம்மாவுக்கு."

நான் எழுந்து வெளியே வந்தேன்.

"குடத்த வெச்சிட்டு செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கறாங்க சாமி. நாலு நாளா பாக்கறேன். எல்லாரையும் ஏத்தறீங்க, அந்தம்மாவ ஏத்தல. சரி, நாமளாவது ஏறுவோம்னு வந்தேன்."

அவர் பதினாறு படிகளையும் ஏறினார். கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார்: 'நோயாளி வரவில்லை. ஏறியவர் நலம்.'

அன்று மாலை மனைவியை அழைத்துவந்தேன்.

"இவ்வளவு நாள் கழித்து எனக்கு முறை வந்ததா?" என்றபடி ஏறத் தொடங்கினாள். ஆறாவது படியில் நின்றுவிட்டாள். இறங்கச் சொன்னேன். இமை சிவப்பாக இருந்தது. விசில் இல்லை. கணுக்காலில் என் கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. இடது மார்பின் கீழ், சாய்த்துப் படுக்கவைத்துக் கேட்டபோது, தாழ்ந்த உறுமல்.

"சிறுவயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததுண்டா?"

"வந்ததே. பள்ளிக்கூடமே ஒரு பருவம் போகவில்லை."

"எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறாய்?"

"மூன்று. பக்கத்தில்தானே படுக்கிறீர்கள்?"

அவற்றைப் புத்தகம் படிக்க வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். மலை முழுவதையும் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்கவில்லை.

வேலூரில், அந்தப் பழைய காய்ச்சலால் சுருங்கியிருந்த இதய வால்வை அறுவை செய்து திறந்தார்கள். அதன்பின் அவள் பல ஆண்டுகள் இருந்தாள். பலாப்பழக்காரரோ, தாம் ஏறியதால்தான் அம்மா பிழைத்தார் என்று கடைசிவரை சொன்னார். அவரை நான் மறுத்ததில்லை.

இந்த ஆண்டு அவள் போய்விட்டாள். போளூரில் இப்போதுள்ள எங்கள் வீட்டுக்குப் பதினெட்டுப் படிகள். காரியங்கள் முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு ஒரு முறை ஏறி இறங்கினேன். நாடி விரைவில் அடங்கியது. கண்ணாடியில் இமையைப் பார்த்தேன், சிவந்திருந்தது. கணுக்காலில் பள்ளம் இல்லை.

ஏறியவர் நலம்.