மிளகை எண்ணிப் பார்த்த மேனேஜர்

மாத்தளையிலிருந்து நாலந்தாப் பக்கம் போகும் வீதியில் வரிசையாக ஸ்பைஸ் கார்டன்கள் இருக்கின்றன, வெளிநாட்டு ஆட்களுக்கு வாசனை மரங்களைச் சுற்றிக் காட்டி மூலிகை மருந்து விற்கும் இடங்கள். அவற்றில் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பலகையிலும் எண்ணெய்ப் போத்தல் லேபிளிலும் கைட்மார் மனப்பாடம் செய்யும் தாளிலும் உள்ள ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் வேலை. அதற்கு முன் உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவன் என்பதால் எல்லோரும் ‘சார்’ என்றார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. நான் திருத்தியதை யாரும் மதிக்கவில்லை என்பதுதான் குறை.

மேனேஜர் முதலாளியின் மருமகன். கண்டியில் மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்து ஒரு சான்றிதழும் குறிப்பெழுதிய ஒரு கொப்பியும் கொண்டுவந்திருந்தான். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். கொப்பியை மேசை லாச்சியில் பூட்டி வைத்தான். உலகத்து ஆங்கிலம் முழுவதும் அந்த லாச்சிக்குள் இருப்பதாக அவனுக்கு எண்ணம்.

வாசலில் அவன் எழுதவைத்த பலகையில் ‘We have few medicines for you’ என்று இருந்தது. ‘few’ என்று மொட்டையாக எழுதினால் மருந்து அனேகமாக இல்லை என்று அர்த்தம், முன்னால் ஒரு ‘a’ போட்டால்தான் கொஞ்சம் இருக்கிறது என்று ஆகும் என்றேன். ‘ஒரு எழுத்துக்கா சார் இவ்வளவு பேச்சு?’ என்று சிரித்தான். மருந்து இல்லை என்று பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு மருந்து விற்ற கடை இந்த வீதியில் எங்களுடையது ஒன்றுதான்.

கைட்மாரில் ஒரு பெண் இருந்தார். நாற்பது தாண்டியவர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவர், இருபது வருடமாகக் கறுவா மரத்தையும் சாதிக்காய் மரத்தையும் சுற்றிச் சுற்றி ஆட்களைக் கூட்டிப் போனவர். அவருடைய ஆங்கிலம் முழுக்கக் காதால் வந்தது. சுற்றி முடித்ததும் மூலிகைத் தேநீர்த் தட்டோடு வந்து, ‘Would you like some tea, madam?’ என்பார். வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. அந்த ‘some’க்கு என்ன காரணம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு நாள் மேனேஜர் கைட்மாருக்குப் பரீட்சை வைத்தான். இருபது கோடிட்ட இடம். much, many, few, little, some, any எல்லாம் கலந்து. பதினாறு எடுத்தால் கைட். எடுக்காவிட்டால் பின்னால் உள்ள பொதி கட்டும் கொட்டிலுக்குப் போகவேண்டும். தகரக் கூரை, மிளகுத் தூள், நாள் முழுக்க இருமல். திருத்துவதற்கான சரிவிடைகள் கொண்ட விடைத்தாளை அவனே அந்தக் கொப்பியைப் பார்த்துத் தயாரித்தான். திருத்துவது மட்டும் என் பொறுப்பு.

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வந்தது. ஐந்து பிழையில் மூன்று உண்மையான பிழை. மற்ற இரண்டும் விடைத்தாளின் பிழை. ஏழாவது கேள்வி, ‘Would you like ____ tea?’. அவர் ‘some’ எழுதியிருந்தார், விடைத்தாளில் ‘any’. பதினோராவது, ‘There isn’t ____ pepper in the tin’. அவர் ‘much’ எழுதியிருந்தார், விடைத்தாளில் ‘many’.

பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். இருந்தாலும் படிப்பித்தவன் புத்தி, சரிபார்க்காமல் விடாது. வீட்டுக்குப் போய் மாணவர்களுக்கான தடித்த அகராதியை எடுத்தேன். கேள்வியிலும் மறுப்பிலும் ‘any’ வருவது பொது வழக்கம்தான். ஆனால் கேள்வி வடிவத்தில் ஒன்றைக் கொடுக்க நீட்டும்போது, ஆம் என்ற பதிலை எதிர்பார்க்கும்போது, ‘some’தான் இயல்பு என்று உதாரணத்தோடு போட்டிருந்தது. ‘any’ போட்டாலும் குற்றமில்லை, ‘some’ போட்டதைப் பிழை என்பதுதான் குற்றம். ‘pepper’ பக்கத்தைப் புரட்டினேன். தூவும் மிளகு எண்ண முடியாத பெயர் என்று குறி இருந்தது. முன்னால் ஒரு எண் போட்டும் சொல்லிப் பார்த்தேன். ‘three cloves’ என்றால் மூன்று கராம்பு, சரி. ‘three peppers’ என்றால் மிளகு போய்க் கறிமிளகாய் வந்துவிடும். ஆகவே ‘many’ அந்த இடத்தில் நிற்காது. அவருக்குப் பதினேழு.

மறுநாள் காலை அகராதியைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ஏழாவதைச் சொன்னேன்.

‘கேள்விக்குறி இருக்கா இல்லையா சார்?’

‘இருக்கு.’

‘அப்போ any. அவ்வளவுதான்.’

பதினோராவதைச் சொன்னேன். அவன் எழுந்து போய் மாதிரிக்கு வைத்திருந்த போத்தலைத் திறந்து உள்ளங்கையில் மிளகைக் கொட்டினான். ஒன்று, இரண்டு என்று விரலால் தள்ளித் தள்ளிப் பதினொன்று வரை எண்ணினான். நல்ல மிளகு, தரம் பார்த்து எடுத்தது. அதை வாங்க வருகிறவன் கையில் கொட்டி மணியின் பருமன் பார்ப்பான், இவன் இலக்கணம் பார்த்தான்.

‘எண்ண முடியுதா இல்லையா?’ என்றான்.

‘முடியுது. அரிசியையும்தான் எண்ணலாம். கையால எண்ண முடியுதாங்கிறது இல்ல விஷயம், இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்ல எப்படி வச்சிருக்கான்ங்கிறதுதான்.’

‘நாம அரிசி விக்கலையே சார்.’

நான் அகராதியை விரித்துக் காட்டினேன். அவன் அதைத் தொடவே இல்லை. ‘இது லண்டன் புத்தகம். நம்ம கோர்ஸ்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க’ என்றான். இவனுக்கு ஆங்கிலம் தெரியாதது எனக்குப் பெரிய விஷயமில்லை, தெரியாதவர்கள் ஊரில் நிறையப் பேர். தெரிந்துகொள்ளும் வழி கண்ணெதிரே விரிந்து கிடக்கும்போதும் சுவரில் மாட்டிய சட்டத்தைப் பார்க்கிறானே, அதுதான் சகிக்கவில்லை. மண்டை முழுக்கக் களிமண் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் புள்ளிப் பட்டியலை என் பக்கம் தள்ளினான். அடியில் ‘சரிபார்த்தது’ என்று அச்சடித்து ஒரு கோடு போட்டிருந்தான். என் வேலையை அடுத்த மாதத்துக்கு மேல் நீட்டுவதா இல்லையா என்பது அவன் கையில் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினான். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றே அந்தப் பெண் கொட்டிலுக்குப் போனார். மேனேஜரிடம் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாடமாக்கி எழுதிய ஒரு பையன் தேநீர்த் தட்டைத் தூக்கினான்.

ஒரு வாரம் நான் கொட்டில் பக்கமே போகவில்லை. லேபிள் கொடுக்கவேண்டி வந்ததால் போனேன். அவர் வாயில் துணி கட்டிக்கொண்டு மிளகுப் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துணியை இறக்கிவிட்டு, ‘சார், என் தாளக் கொஞ்சம் காட்டுறீங்களா?’ என்றார். பைக்குள்தான் இருந்தது. கொடுத்தேன். நிதானமாகப் படித்து ஏழாவதில் விரல் வைத்தார்.

‘இது பிழையா சார்?’

‘இல்ல.’

விரல் கீழே இறங்கியது. ‘இது?’

‘அதுவும் இல்ல.’

‘கையெழுத்துப் போடும்போது உங்களுக்குத் தெரியாதா?’

‘தெரியும். டிக்‌ஷனரியிலயும் பாத்தேன்.’

அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

‘மேனேஜருக்கு ஒண்ணும் தெரியாது சார், அத விடுங்க’ என்றார். துணியை மறுபடி வாயில் கட்டிக்கொண்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தார்.