அம்மாவின் பின்னால் இருந்தவை

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது, கனடாவில் இருக்கும் அண்ணா விழா எடுக்க வேண்டும் என்றார். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், கேக், சாப்பாடு, மேடை நடுவில் அம்மாவின் பெரிய ஓவியம். ஓவியம் என்றால் கையால் வரைவதில்லை. புகைப்படத்தை எண்ணெய் ஓவியம் போல மாற்றி, கன்வஸ் துணியில் அச்சடித்து, சட்டம் போட்டு வைப்பது.

அதுதான் என் தொழில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற ஸ்டூடியோவில் பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். கலியாணச் சோடிகள், முதலாவது பிறந்தநாள் பிள்ளைகள், செத்தவர்களின் அந்தியேட்டிச் சடங்குக்கு வேண்டிய படங்கள். அண்ணாவுக்கு இது தெரியும். இருந்தும் என்னிடம் கேட்கவில்லை. போனில் ஒரு ஆப்பை இறக்கி, தானே செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். "எப்பிடி இருக்கு? இதைக் கன்வஸில அடிச்சு வை" என்று கீழே ஒரு வரி.

மூலப் படம் நான் எடுத்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறை. அம்மா தையல் மெஷினில் இருந்தபடி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்க்கிறா. சிரிக்க வெளிக்கிட்டு இடையில் நிறுத்தின முகம். அம்மாவின் படங்களில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அவவுக்குப் பின்னால் இல்லாத சாமான் இல்லை. கயிற்றில் தொங்கும் சாரி பிளவுஸுகள், பூப்போட்டது, கோடு போட்டது, ஜரிகை வைத்தது. நூல்கட்டைகள் நெருக்கிய தட்டு. வெட்டுத்துணி பிதுங்கும் பைகள். யன்னல் கம்பி, கம்பிக்கு அப்பால் அடுத்த மாடியில் காயும் உடுப்புகள்.

அண்ணா அனுப்பியதில் இவையெல்லாம் புழுவாக நெளிந்தன. நூல்கட்டைகள் சிவப்பும் பச்சையுமாகச் சிதறிய புள்ளிகள். பிளவுஸ் பூக்கள் அம்மாவின் தோளைத் தின்று, காதோரம் ஏறி, தலைமயிரும் துணியும் ஒன்றாகிவிட்டன. முகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் அண்ணா போன் எடுத்தார்.

"என்ன, பதில் ஒண்டும் காணேல்ல?"

"இதை அடிக்கேலாது, அண்ணா. பெரிசா அடிச்சா இன்னும் மோசமாத் தெரியும்."

"நல்ல ஆப் அது. இஞ்ச எல்லாரும் பாவிக்கினம்."

"ஆப் பிழையில்லை. அதுக்கு எது அம்மா, எது துணியெண்டு தெரியாது. எங்க வெளிச்சமும் இருட்டும் கிட்டக்கிட்டச் சந்திக்குதோ, அங்கயெல்லாம் ஒரு தூரிகைக் கோடு போடும். அம்மாவின்ட கண்ணுக்கும் ஒரு கோடு, நூல்கட்டைக்கும் ஒரு கோடு. பின்னால ஆயிரம் துண்டு கிடந்தா ஆயிரம் கோடு. முகம் அதுக்குள்ள மாட்டுப்படும்."

"அப்ப நீயே செய். ஆனா அந்த மெஷின், உடுப்பு ஒண்டும் வேண்டாம். பின்னால பிளேனா ஒரு கலர் போடு" என்றார்.

"மெஷினை எடுத்தா அம்மான்ர கை அந்தரத்தில நிக்கும்."

"கையையும் வெட்டு. நெஞ்சுக்கு மேல இருந்தாக் காணும். உன்ர அண்ணியின்ட ஆக்கள் எல்லாரும் வருகினம். தையல்காரி எண்டு படம் போட்டுக் காட்ட வேணுமே?"

அந்த மெஷின் ஓடித்தான் நீங்கள் பிளேன் ஏறினீங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் "சரி, பாக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அவர் சொன்னபடி செய்வதில்லை என்று அப்போதே முடிவெடுத்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஒரு கிழமை, ஸ்டூடியோவில் வேலை குறைந்த நேரமாகப் பார்த்து அதில் இருந்தேன். படம் மாலை வெளிச்சத்தில் போனில் எடுத்தது, இருட்டுப் பகுதிகளில் பொடிப் பொடியாகப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியையும் ஆப் ஒரு கோடாக்கும். ஆகவே முதலில் அதைத் துடைத்தேன். பிறகு அம்மாவையும் மெஷினையும் ஓரம் ஓரமாகப் பிரித்து, மூலப் படத்துக்கு மேலே தனி லேயரில், தனி அடுக்காக, வைத்தேன். காதோரத்து நரைமயிரை மட்டும் பிரிக்க அரை நாள் போனது.

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பிழை விடுவார்கள். ஆளை வெட்டி வைத்துவிட்டு, கீழே இருக்கிற முழுப் படத்தையும் அப்படியே மங்கலாக்குவார்கள். அந்தக் கீழ்ப்படத்தில் ஆள் இன்னும் இருக்கிறார். அவருடைய நிறம் வெளியே கசிந்து, தலையைச் சுற்றி ஒரு புகை வட்டம் வரும். அதனால் நான் அம்மா இருந்த இடத்தைச் சுவர் நிறத்தால் நிரப்பினேன். ஆள் இல்லாத அறையாக்கிவிட்டுத்தான் மற்றவற்றில் கை வைத்தேன்.

அது பார்க்க நல்லாயில்லை. வெறும் அறையில் பிளவுஸுகள் மட்டும் தொங்கின.

பிறகு குறைத்தேன். அடுத்த மாடியின் உடுப்புகள் போயின. யன்னல் கம்பி போனது, வெளிச்சம் மட்டும் வெளிறிய ஒரு சதுரமாக நின்றது. பூவும் கோடும் ஜரிகையும் போய், கயிற்றில் இருந்ததெல்லாம் மூன்று பெரிய நிறத் திட்டுகளாயின. நூல்தட்டு ஒரே கபில நிறத்துக்குள் அமிழ்ந்தது. எல்லா நிறத்தையும் முகத்தைவிட ஒருபடி மங்கலாக இறக்கினேன். முழுவதையும் ஒரே மழுப்பாக மழுப்பவும் கூடாது. பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஆப் தன் பாட்டுக்குச் சுழி போடும். நாலைந்து பெரிய வடிவமாவது இருக்க வேண்டும். முத்திரை அளவுக்குப் படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். அந்தளவிலும் முதலில் கண்ணில் பட்டது அம்மா. அதன் பிறகே ஓவியமாக மாற்றினேன். பின்னணிக்குத் தடித்த தூரிகை, அம்மாவுக்கு மெல்லியது, முகத்தில் பாதி அழுத்தம்.

நல்லாய் வந்தது. என் கையால் செய்ததில் அதைப் போல ஒன்று அதற்கு முன் வரவில்லை. அம்மா இருந்தா, மெஷின் இருந்தது, அறை இருந்தது, ஒன்றும் முகத்தோடு போட்டி போடவில்லை. சின்னதாக ஒரு பிரதி அடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ் ஏறினேன். அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டிய வசனங்களை வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். அம்மாவுக்காகப் பேசப்போகிறேன் என்ற எண்ணம்.

அம்மா பிரதியை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தா.

"சாமான் எல்லாம் எங்க?"

"குறைச்சிட்டன், அம்மா. அப்பதான் உங்கட முகம் எடுபடும்."

"இதையும் குறைச்சிருக்கலாமே." விரல் மெஷின் மேல் இருந்தது.

"ஆக்கள் வருகினமெண்டு அண்ணாவும் எடுக்கச் சொன்னவர். ஆனா அது உங்கட உழைப்பெல்லோ."

அம்மா படத்தைக் கதிரையில் வைத்தா. "உங்கட அப்பர் போனாப்பிறகு வேற வழியில்லாமல் இதில குந்தினனான். விருப்பத்தில தைச்சனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது? கழுத்து போச்சு, முதுகு போச்சு, கண்ணும் போகுது. எழுபது வயசில மேடையில ஏத்தியும் இதுக்குப் பின்னால இருத்தப் போறியோ?"

நான் படத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"அவன் தன்ர ஆக்களுக்கு வெக்கப்பட்டு எடுக்கச் சொல்லுறான். நீ உன்ர பெருமைக்கு வைக்கிறாய். ரெண்டு பேரில ஆர் என்னைக் கேட்டனீங்கள்?"

சத்தம் உயர்த்திச் சொல்லவில்லை. துணி அளவு சொல்கிற குரல்தான். அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. அண்ணாவுக்கென்று தேடி வைத்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை.

"அப்ப எப்பிடி வேணும்?" என்று கேட்டேன்.

"யன்னலை வடிவாப் போடு. பின்னேரத்தில அதாலதான் வெளிச்சம் வரும். மற்றதெல்லாம் வேண்டாம்."

திரும்பவும் செய்தேன். நெஞ்சுக்கு மேலே அம்மா மட்டும். நான் வெளிறிய சதுரமாக்கிய யன்னலை மூலப் படத்திலிருந்து மீட்டேன். கம்பிகளில் இரண்டை மட்டும் விட்டேன், எல்லாம் இருந்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் அவையே கண்ணை இழுக்கும். சுவரை இருட்டுப் பக்கமும் வெளிச்சப் பக்கமுமாக இரண்டாகப் பிரித்தேன். மூன்று திட்டுகளையும் கபில நிறத்தையும் அழித்தேன். ஒரு கிழமை வேலை ஒரு நிமிடத்தில் போனது. வந்த ஓவியம் முதலாவதைவிட நல்லது என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

அண்ணாவுக்கு நல்ல சந்தோசம். "நான் சொன்னதுதானே" என்று எழுதினார். இல்லை என்று எழுதி விளக்க எனக்கு மனமில்லை.

அண்ணா கனடாவிலிருந்து வந்திறங்கினார். விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். "ஆர் செய்தது?" என்று அண்ணியின் மாமா கேட்டார்.

"ஆப்பில நான்தான் செய்தனான்" என்றார் அண்ணா. "தங்கச்சி கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடுத்தவ."

நான் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விட்டேன். அம்மா மேடையில் கதிரையில் இருந்தா. முதுகு நோகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் வந்து குனிய, அவ சிரித்துக்கொண்டே இருந்தா.

ஓவியம் அம்மாவின் வீட்டுக்குத்தான் வரும் என்று நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். மெஷினுக்கு எதிர்ச் சுவரில் கலண்டரைக் கழற்றி அம்மா இடம்கூடப் பார்த்து வைத்திருந்தா. அண்ணா பயணப்படுகிற அன்று காலை அந்த முன்னறையிலேயே கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, சுருட்டி, மட்டைக் குழாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கொண்டு போறியோ?" என்று அம்மா கேட்டா.

"ஓம் அம்மா. எங்கட வீட்டு ஹோல்ல மாட்டப் போறன். உங்களை ஒவ்வொரு நாளும் பாக்கலாம் எல்லோ."

அம்மா தலையாட்டினா. வான் ஒழுங்கையைத் தாண்டும் வரைக்கும் படியடியில் நின்று கைகாட்டினா. பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்தா.

"கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுறன், கூப்பிடுறன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன்" என்றா. "ஆளைக் கொண்டு போறது கரைச்சல். இது எண்டால் சுருட்டலாம்."

"நான் இன்னொண்டு அடிச்சுத் தாறன், அம்மா. ஃபைல் என்னட்ட இருக்கு. நாளைக்கே அடிக்கலாம்."

"வேண்டாம்."

"சுவருக்கு எண்டு இடம் பாத்து வச்சனீங்கள்."

"எனக்கு என்னத்துக்கு, பிள்ளை? நான் இஞ்சதானே இருக்கிறன்."

அம்மா எழும்பிப்போய்க் கலண்டரை எடுத்துத் திரும்பவும் மாட்டினா.