இரண்டு மதிப்பெண் கழுத்து

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் தலைமைத் தேர்வாளரின் கழுத்தைப் பிடித்துவிட்டார் நர்சிங் டீச்சர் என்று ஊரெல்லாம் பேச்சு. விசாரித்தால், கழுத்து உண்மை, ஆள்தான் மாறிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக நர்சிங் பள்ளியில் பாடம் எடுப்பவர் அவர். அரை மதிப்பெண்ணுக்கும் சண்டை போடுவதால் மாணவிகள் வைத்த பெயர் ‘அரை மார்க் அக்கா’. அன்று கையிலிருந்த தாள் நாற்பத்தெட்டில் நின்றது; பாஸுக்கு ஐம்பது வேண்டும். தைராய்டு கழலைக்கு, அதாவது முன்கழுத்து வீக்கத்துக்கு, காரணங்கள் எழுதி, அதை வகைப்படுத்து என்பது கேள்வி. அயோடின் குறைவு, கிரேவ்ஸ் நோய், ஹஷிமோட்டோ நோய், சில மருந்துகள் என்று மாணவி எழுதிய காரணங்களுக்கு முழு மதிப்பெண். வகைப்பாட்டுக்கு மட்டும் பூஜ்யம்.

ஏனென்றால் விடைக்குறிப்பில், ‘பரவலாக வீங்கினால் ஹார்மோன் கூடாது, முடிச்சு இருந்தால் கூடும்’ என்று ஒரே வரியில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தார்கள். மாணவியோ சரியாகப் பிரித்திருந்தாள்: அமைப்பு வேறு, செயல்பாடு வேறு. கிரேவ்ஸ் நோயில் வீக்கம் பரவலாக இருந்தும் ஹார்மோன் கூடும். பல முடிச்சுக் கழலையில் அது கூடவும் செய்யலாம், கூடாமலும் இருக்கலாம்.

அக்காவுக்கு முதல் கோபம் தன்மேல்தான். நேற்று வேகமாக விடைத்தாள் கட்டை முடிக்கவேண்டி, இதே பதிலை மூன்று தாள்களில் குறிப்பைப் பார்த்துத் தவறென்று அடித்துத் தள்ளியிருந்தார்.

தாளோடு தலைமைத் தேர்வாளரிடம் போனார்; அவர் பெரிய டாக்டர். நிமிராமலே, குறிப்பில் இருப்பதற்கு மட்டும் மார்க் போடுங்கள், ஆராய்ச்சியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்து மேசையில் சிரிப்பு.

அக்கா துப்பட்டாவை விலக்கினார்.

“தொட்டுப் பாருங்க சார். முழுங்குறேன், வீக்கம் மேல ஏறும்.”

பழக்கதோஷம், டாக்டரின் விரல் தானாகப் போய்விட்டது. அக்கா விழுங்கினார்.

“ரெண்டு மூணு முடிச்சு தட்டுதே மேடம்.”

“பதினோரு வருஷமா இருக்கு. போன மாசம் ரத்தப் பரிசோதனையில ஹார்மோன் எல்லாம் நார்மல். உங்க குறிப்புப்படி ஹார்மோன் கூடி நான் படபடப்புல மெலிஞ்சு துரும்பாயிருக்கணும். என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?”

எண்பத்து நான்கு கிலோ ஆதாரத்தை டாக்டரால் மறுக்க முடியவில்லை. குறிப்புத் தாளை வாங்கி அந்த வரியை அடித்து, சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தெட்டு ஐம்பதானது.

“நேத்து சீல் வெச்ச கட்டு?” என்றார் அக்கா.

அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம், திங்கட்கிழமை பார்க்கலாமாம். அப்புறம் ஐந்து திங்கட்கிழமைகள் போய்விட்டன. அக்காவின் கைப்பை டைரியில், மூன்று தாள்களுக்கு இரண்டு இரண்டாக ஆறு மதிப்பெண் இன்னும் பாக்கி.