மூன்று மில்லிமீட்டர்

புலாவ் செபாங்கில் நான் வேலை பார்க்கும் நகல் கடைக்கு அன்று காலை வந்த அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் லாரி ஓட்டியவர். வேலை போய் ஏழு மாதம். இப்போது சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்திருந்தது. உள்ளே போகப் பாஸ் வேண்டும். அதற்கு ஐசி என்கிற அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில், அசல் அளவில் கேட்டிருந்தார்கள்.

இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கார்டின் ஓரம் வரை வெட்டி, ஏ4 பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். அகலம் 8.56 சென்டிமீட்டர், உயரம் 5.4. தினமும் செய்கிற வேலை. அச்சடித்துக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் திரும்பி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, சைஸ் சின்னதா இருக்காம். பாஸ் குடுக்கிறவன் கார்டை மேலயே வச்சுக் காட்டுனான். அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா வேற ஆள் எடுத்துருவாங்களாம் லா."

"நான் சரியாத்தான் போட்டேண்ணே," என்று சொல்லிக்கொண்டே கணினியைப் பார்த்தேன். 8.56. சரியாகத்தான் இருந்தது. மறுபடி அச்சடித்து, கார்டை மேலே வைத்தேன். கார்டு படத்தை மூடி, ஓரத்தில் மெல்லிய கோடாக வெளியே நின்றது. ஸ்கேல் வைத்து அளந்தேன். 8.3 சென்டிமீட்டர்தான்.

பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அண்ணன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி அச்சுக் கட்டளை கொடுத்தபோதுதான் திரையில் வரும் அச்சு அமைப்புப் பெட்டியை முழுதாகப் படித்தேன். 'ஃபிட் டு பேஜ்' என்பதில் டிக் விழுந்திருந்தது. முழுப் பக்கத்தையும் அச்சு ஓரத்துக்குள் அடக்க அது எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும். புது பிரிண்டர் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' வைத்து மறுபடி அச்சடித்தேன்.

கார்டை வைத்தேன். நான்கு ஓரமும் பொருந்தியது. பின்பக்கத்தையும் அளந்தேன்.

"என் தப்புதான்ணே. மன்னிச்சுக்குங்க."

"போயிட்டு வந்து பேசுவோம்மா," என்று தாளை நெகிழி உறையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அப்போது இரண்டே முக்கால். முக்கால் மணி நேர ஓட்டம். மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருடைய பிறப்புச் சான்றிதழைத் தலைகீழாக நகலெடுத்தேன். ஐந்தே காலுக்குக் கடை போன் அடித்தது.

"குடுத்துட்டேன் தங்கச்சி. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நிம்மதி கொஞ்ச நேரம்தான். பிரிண்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் எத்தனை பேருக்கு அந்தச் சுருங்கிய தாளைக் கொடுத்தேனோ. அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. எங்கே போய் நின்றார்கள், அங்கே அவர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.