மூன்றரைக் கட்டை

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நிலத்தில் வேர்க்கடலை போட்டவர்கள், சங்கீதம் தெரியாது. ஆசிரியப் பயிற்சி விடுதியில் ஒரு பியானோ இருந்ததாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லாததாலும் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அது தெரிந்த நிமிடமே தலைமையாசிரியர் என்னைப் பள்ளிக்கூடத்து ஹாலுக்கு அழைத்துப்போய், அங்கிருந்த பழைய பியானோவின் மேலே போட்டிருந்த துணியை விலக்கி, "இது இனி உங்க பொறுப்பு" என்றார். எலி நாற்றம் அடித்தது. ஆனால் சுருதி ஓரளவு நின்றது. எண்பத்தெட்டுக் கட்டையும் விரல் பட்டால் விழுந்து எழுந்தன.

ஆண்டு விழா வந்தது. இறைவணக்கம் பாடுவது எப்போதும் எங்கள் தமிழ் ஐயாதான். ஊரில் எந்த பஜனை என்றாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, தலையை ஆட்டிப் பாடுவார். குரல் நல்ல குரல். அதைவிடப் பெரியது அவர் குரலைப் பற்றி அவரே வைத்திருந்த அபிப்பிராயம்.

ஒத்திகையில் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு என்ன சுருதிங்க?"

"மூணரைக் கட்டை."

நான் சிரித்துவிட்டேன். ஹார்மோனியத்திலும் பியானோவிலும் ஒன்று முதல் ஏழு வரை வெள்ளைக் கட்டைகள். இடையிலுள்ள கறுப்புதான் அரை. ஒன்றரை, இரண்டரை, அப்புறம் நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது.

"மூணரை இல்லீங்க ஐயா."

"ஏன் இல்ல? இருவது வருஷமா அதுலதான் பாடறேன்."

"பாருங்க. இது மூணு, இது நாலு. நடுவுல ஒண்ணுமில்ல."

ஐயா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப அது உழுந்துடுச்சு. இந்தப் பொட்டிய எந்தக் காலத்துல வாங்கினாங்களோ" என்றார்.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். வரிசையாக விரலை ஓட்டினார். கறுப்பு இரண்டு, ஓர் இடைவெளி, கறுப்பு மூன்று, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. அவர் முகம் போன போக்கில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமாம் டீச்சர். பல்லு உழுந்த மாதிரிதான் இருக்குது. ஏழுக்கு அப்புறமும் ஒண்ணு காணோம். அது என்ன, ஏழரையா?"

"அதுவும் கிடையாதுங்க சார்."

"ஏழரை இல்லாததே நல்லது. ஆனா மூணரைய விட முடியாது. விழாவுக்குக் கல்வி அதிகாரி வராரு."

நான் எவ்வளவோ சொன்னேன். இருபத்து மூன்று வயது, பார்ப்பதற்குப் பதினெட்டு. யார் கேட்பார்கள்? மறுநாள் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு தச்சு மேஸ்திரியை வரவழைத்துவிட்டார்கள். ஐயா அவரிடம், "கட்டை ஜாஸ்தி காணாம போயிருக்குது, செஞ்சு போடுங்க" என்றார். மேஸ்திரி விறகு திருட்டுப் போன கதை என்று நினைத்து, போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டார்.

விஷயம் புரிந்ததும் எண்ண ஆரம்பித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, காணாமல் போனவை பதினைந்து. மூன்றாம் நாள் பதினைந்து துண்டுகளைச் செதுக்கி, கறுப்பு வார்னிஷ் போட்டு, ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்; தலைமையாசிரியரும் ஐயாவும் கூடவே வந்தார்கள். நான் பியானோ முன்னால் நின்றுகொண்டேன். தடுக்க வேறு வழி தெரியவில்லை.

"நவுருங்கம்மா, சும்மா ஒட்டமாட்டேன். உள்ள எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுத்தான்" என்றார் மேஸ்திரி. முன்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்.

உள்ளே கம்பிகள், அவற்றின் முன்னால் சின்னச் சின்னச் சுத்தியல்கள் வரிசையாக. மேஸ்திரி ஒவ்வொரு கட்டையாக அழுத்தச் சொன்னார். ஒன்று. ஒரு சுத்தியல் எழுந்தது. ஒன்றரை. அதற்கு அடுத்தது. இரண்டு. அதற்கு அடுத்தது. இரண்டரை, மூன்று. பிறகு நாலை அழுத்தினேன். மூன்றின் சுத்தியலுக்கு ஒட்டினாற்போல் நின்ற சுத்தியல் எழுந்தது. நடுவில் எதுவும் காத்திருக்கவில்லை.

மேஸ்திரி மூன்றையும் நாலையும் இன்னொரு முறை அழுத்தச் சொல்லிப் பார்த்தார். "சார், வெளியிலதான் கறுப்பு வெள்ளை, குட்டை நெட்டை. உள்ள போனா எல்லாம் ஒரே வரிசையில நிக்குது. இங்க நான் ஒண்ணு சொருவினா அதுக்கு சுத்தியும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஊமைக் கட்டை."

எனக்குத் தைரியம் வந்தது. ஒன்றிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தேன். "ஐயா, இது என்ன ராகம்?"

"சங்கராபரணம்" என்றார், வேண்டாவெறுப்பாக.

"அதுல காந்தாரத்துலேர்ந்து மத்யமத்துக்கு, அதாவது மூணுலேர்ந்து நாலுக்கு, எவ்வளவு தூரம்? அரைப்படிதானே, அடுத்த சுத்திதான். நிஷாதத்துலேர்ந்து மேல் சட்ஜமத்துக்கும் அரைப்படிதான். மத்த இடத்துலல்லாம் முழுப்படி, அதனால நடுவுல ஒரு கறுப்புக்கு இடம் இருக்குது. இந்த ரெண்டு இடத்துல இல்ல. அதான் கறுப்பு ரெண்டும் மூணுமாப் பிரிஞ்சு நிக்குது."

"நல்லதாப் போச்சு" என்றார் மேஸ்திரி. "விடாம எல்லாத்துக்கும் நடுவுல கறுப்பு வெச்சிருந்தா எது ஒண்ணு எது அஞ்சுன்னு எப்படித் தெரியும்? இப்ப ரெண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒண்ணாங் கட்டை, கண்ண மூடிக்கிட்டே புடிக்கலாம்."

தலைமையாசிரியர் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, ஒன்றைப் பிடித்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட்டார். "ஆனா டீச்சர், உங்க பியானோ புஸ்தகத்துல கறுப்புக்கு ஷார்ப், ஃப்ளாட்னு ரெண்டு பேரு போட்டிருக்குதே?"

"ஒரே கறுப்புதான் சார். ஒண்ணுலேர்ந்து அரைப்படி ஏறி வந்தா ஒண்ணோட ஷார்ப். ரெண்டுலேர்ந்து இறங்கி வந்தா ரெண்டோட ஃப்ளாட்."

"ரெஜிஸ்டர்ல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு" என்றார் தலைமையாசிரியர்.

ஐயா தனியாக நின்றிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயா சொன்னதுலயும் நியாயம் இருக்குதுங்க" என்றேன். "மூணுலேர்ந்து அரைப்படி ஏறினா நாலு. அதுவே மூணோட ஷார்ப். அப்ப மூணரைன்னா இந்த வெள்ளைக் கட்டைதான்."

"அதத்தானே நானும் சொன்னேன்!" என்றார் ஐயா உடனே. தலைமையாசிரியர், "அப்ப பாடுங்க" என்றார். நாலாம் கட்டையை அழுத்திப் பிடித்தேன். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில் மேலே ஏறியபோது குரல் கிழிந்து, கோழியைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாசலில் நின்ற நாலாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி ஐயா வெளியே போய்விட்டார்.

விழா அன்று அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஐயா மேடை ஏறி, "டீச்சர், மூணரை" என்றார் கம்பீரமாக. நான் நாலைவிட ஒரு முழுப்படி தாழ்ந்த சுருதியை, இரண்டு கறுப்பில் வலது பக்கத்துக் கட்டையை, அழுத்தினேன். இரண்டரை. ஐயா என்னை ஒரு முறை பார்த்தார். பாடினார். அப்படியொரு பாட்டை அந்த ஹாலில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதிகாரி தாளம் போட்டார்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தபோது, ஐயா ஹாலுக்கு வந்தார். இரண்டரைக் கட்டையை ஒற்றை விரலால் தொட்டார்.

"இதுதானே கொடுத்தீங்க?"

"ஆமாங்க."

"பஜனையில எல்லாரும் இதத்தான் கொடுத்திருப்பாங்க போல. ஹார்மோனியக்காரன் மூணரைன்னு சொன்னான், நானும் நம்பினேன்." வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெளியில சொல்லாதீங்க டீச்சர். கம்மியாச் சொன்னா கம்மியாத்தான் மதிப்பானுங்க."

சரி என்றேன். அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்தேன். அந்த மதியம் அவர் கறுப்புக் கட்டைகள் ஐந்தையும் வரிசையாக வாசித்து, இதில் மோகன ராகம் வருகிறதே என்று கத்தினார். நாலரையிலிருந்து தொடங்கினால் உண்மையாகவே வருகிறது.