ஆறு மணிக்குத் திரிந்த கஞ்சி

துணி ஆலையின் சமையலறையில் அவளுக்கு அளவு அக்கா என்று பெயர். பதினான்கு வருடத்தில் உப்பு கூடிவிட்டது, காரம் போதவில்லை என்று ஒருவரும் தட்டைத் தள்ளியதில்லை. அதனால் வந்த பெயர். புதிதாக வந்த கேன்டீன் மேலாளர், மாலை நேரத்துப் பால் கஞ்சிக்கு இனி சர்க்கரை வேண்டாம், வெல்லம் போடுங்கள் என்றபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. வீட்டில் அவள் வெல்லம் போட்டதெல்லாம் பால் சேராத பண்டங்களில். முதல் நாள் வெல்லத்தைத் தட்டி, கொதிக்கிற கஞ்சியில் அப்படியே கொட்டினாள். கண்ணெதிரே பால் திப்பித்திப்பியாகப் பிரிந்தது. அண்டா நிறையக் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினாள்.

மறுநாள் வெல்லத்தை மூழ்குமளவு தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டினாள். துணியில் மணலும் கரும்புச் சக்கையும் ஒரு பிடி தேறின. வடித்த தண்ணீரை நன்றாகக் காய்ச்சினால் பால் திரியாது என்று தானாக ஒரு கணக்குப் போட்டு, தீயைக் கூட்டிவிட்டாள். ஓரம் கறுத்து, கம்பிப் பதமும் தாண்டிப் போனது. கஞ்சி கசந்தது. புகார் நோட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இது கஞ்சியா, கஷாயமா?’

அன்று சாயங்காலம் வீட்டில் நாலு டம்ளரை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொதிக்கிற பாலில் சூடான வெல்லத் தண்ணீர் ஊற்றினால் திரிந்தது. இளஞ்சூட்டுப் பாலில் ஆறின வெல்லத் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம். வெல்லத்தைக் கரையும் மட்டும் சின்னத் தீயில் வைத்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். அரிசி பாலில் குழைய வெந்தபின் அண்டாவை இறக்கி, சூடு தணிந்ததும் கலக்க வேண்டும். வெந்தும் வேகாததுமாக இருக்கும்போது ஊற்றினால் அரிசி விறைத்துவிடும்.

அடுத்த நாள் அப்படியே செய்தாள். நாலு மணிப் பந்தியில் கஞ்சி வழுவழுவென்று இருந்தது. ஆறு மணிப் பந்திக்கு மீதியை மூடி வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்தால் நோட்டில் மறுபடியும்: ‘பால் திரிந்த கஞ்சி.’ அதற்கு அடுத்த நாளும் அதே. மேலாளர் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார்.

“நாலு மணிக்குச் சாப்பிட்டவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே சார்.”

“ஆறு மணிக்குச் சாப்பிடுறவங்களும் மனுஷங்கதானேம்மா? உங்களுக்குக் கவனம் குறைஞ்சு போச்சு. முடியலன்னா காய் நறுக்கப் போங்க.”

காய் நறுக்க. பதினான்கு வருடம் கழித்து. அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

அன்று ஐந்து மணிக்கு அவள் கிளம்பவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிப் பந்திக்குப் பரிமாறுபவன் அவள் கொழுந்தன்தான். அவள் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. அவன் வந்தான், அண்டாவை அடுப்பில் தூக்கி வைத்தான், தீயைப் பெரிதாக்கிவிட்டுப் போனை எடுத்தான். கஞ்சி தளதளவென்று கொதித்தது. பிரிந்தது.

“என்னப்பா பண்ற?”

“சூடு பண்றேன் அண்ணி. ஆறிப்போயிருந்தா கத்துறாங்க.”

“தினமும் இப்படித்தான் கொதிக்க விடுறியா?”

“ஆமா. ஏன்?”

“அது திரியிறது உன் கண்ணுல படலையா?”

“நீங்கதான் ஏதோ புதுசா பண்றீங்கன்னு நெனச்சேன். அண்ணிகிட்ட குறை சொல்றது எப்படின்னு சும்மா இருந்துட்டேன்.”

அவனை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பை அணைத்தாள். முதல் நாளே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு அண்டா கஞ்சி மிஞ்சியிருக்கும். தனக்கும் அவனிடம் கேட்கத் தோன்றவில்லையே என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஆறு மணிக் கஞ்சியில் வெல்லம் கலப்பதை நிறுத்தினாள். வெறும் பால் கஞ்சி ஒரு அண்டாவில், வடிகட்டிய வெல்லத் தண்ணீர் மூடி போட்ட தூக்கில். “கஞ்சியை எவ்வளவு வேணா சூடு பண்ணு. கிண்ணத்துல ஊத்தி, கொஞ்சம் ஆறினப்புறம் அதுல ஒரு கரண்டி வெல்லத் தண்ணி விடு. ரெண்டையும் சேர்த்து அடுப்புல ஏத்தின, அண்ணி உறவே வேண்டாம்னு போயிடுவேன்.”

ஒரு வாரம் நோட்டில் புகார் இல்லை. மேலாளர் சமையலறைக்குள் வந்து ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்தார்.

“பாத்தீங்களா, நல்ல வெல்லமா மாத்தி வாங்கச் சொன்னேன். அதான்.”

“அதே வெல்லந்தான் சார். மாத்தவே இல்ல.” நடந்ததை முழுக்கச் சொன்னாள். கொழுந்தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. “அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார்.”

“அது ஃபைலுக்குப் போயிடுச்சேம்மா. இனிமே பாத்து நடந்துக்குங்க.”

அவர் போனபின் அவள் வடிதுணியை எடுத்து, மணல் போகுமட்டும் குழாயடியில் அலசினாள். வேண்டியதைவிட ரொம்ப நேரம் அலசினாள்.